சென்னை–கொழும்பு விமானம் இரத்தானது: சீட்டுப் பணம், விடுதி, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றை எப்படி எழுதிக் கேட்பது?

உவர்மலை வாசன் (திருகோணமலை)

அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குப் பின்னரான பரிசோதனைக்காக அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கொழும்பு–சென்னை–கொழும்பு இருவழிச் சீட்டுகளைத் திருகோணமலை நகரிலுள்ள ஒரு பயண முகவர் நிலையத்தில் வாங்கினேன். விமான நிறுவனம் இந்தியாவைச் சேர்ந்தது. அதன் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

திரும்பும் விமானம் 12ஆம் திகதி மாலை 5.10 மணிக்குரியது. நாங்கள் பயணப்பொதிகளைக் கொடுத்து, ஏறும் அட்டையைப் பெற்று, குடிவரவுச் சோதனையையும் முடித்துவிட்டு உள்ளே அமர்ந்திருந்தோம். முதலில் தாமதம் என்றார்கள். 7.40க்கு எனது தொலைபேசிக்கு விமானம் இரத்து என்ற குறுஞ்செய்தி வந்தது. கடவுச்சீட்டில் குத்திய முத்திரையை இரத்துச் செய்து எங்களை வெளியே கொண்டுவரவே 9.30 ஆகிவிட்டது. அம்மாவுக்கு 71 வயது; இன்சுலின் எடுப்பவர். பனிக்கட்டிப் பொதி முழுவதும் இளகிப்போனதால், தேநீர்க் கடைக்காரரிடம் ஒரு கோப்பை ஐஸ் கேட்டு வாங்கி, மருந்துப் பையை அதற்குள் வைத்துக்கொண்டு கருமபீட வரிசையில் நின்றேன்.

கருமபீடத்தில் இரண்டு வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, 14ஆம் திகதி மாலை விமானத்தில் போகலாம். மற்றது, பணத்தைத் திருப்பிப் பெறலாம். விடுதி பற்றிக் கேட்டபோது, வேறு ஊரிலிருந்து தங்கள் விமானத்திலேயே வந்து மாறிச் செல்பவர்களுக்கு மட்டுமே அது உண்டு என்றார்கள். இரண்டு நாட்கள் காத்திருக்க அம்மாவால் முடியாது என்பதால் பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டேன். மறுநாள் காலை வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் வந்து சேர்ந்தோம்.

செலவு விபரம்: விடுதி இந்திய ரூபாய் 4,200, சாப்பாடு 1,150, வாடகைக் கார் 900, புதிய சீட்டுகள் இரண்டும் 24,800. கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலைக்கு வர வான் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் 8,000 முற்பணம் கொடுத்திருந்தேன். அதுவும் போய்விட்டது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘தொழில்நுட்பக் காரணம் எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது, ஆகவே நட்டஈடு இல்லை, பணத்தைத் திருப்பிப் பெறத் தெரிவு செய்ததால் விடுதிச் செலவும் இல்லை, சீட்டுப் பணத்துக்கு முகவரை அணுகவும்’ என்று பதில் வந்தது. முகவரோ இரண்டு சீட்டுக்கும் சேர்த்து 11,300 ரூபாய்தான் திரும்பி வரும் என்கிறார். இது சரியா? அடுத்ததாக யாருக்கு, என்ன எழுத வேண்டும்?

லண்டன் தம்பி

அண்ணா, கவலைப்படாதீர்கள். விமானம் இரத்தானால் ஒருவருக்கு 600 யூரோ கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எனது மைத்துனர் சென்ற வருடம் பாரிஸிலிருந்து கொழும்புக்கு வரும்போது அவருக்கும் இப்படித்தான் நடந்தது. அவர் எழுதிக் கேட்டார், பணம் வந்தது. சட்ட இலக்கம் 261/2004. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

சீனக்குடா ஐயா

தம்பி சொன்ன சட்டம் உண்மையானது. உங்கள் மைத்துனருக்குப் பணம் கிடைத்ததும் சரியே. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கும், ஐரோப்பிய நிறுவனம் ஒன்று அங்கே கொண்டுசெல்லும் விமானங்களுக்கும் உரியது. சென்னையிலிருந்து கொழும்புக்கு வரும் இந்திய விமானத்தை அது தொடாது. வாசன் அந்த இலக்கத்தைக் கடிதத்தில் எழுதினால், எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இச்சட்டம் பொருந்தாது’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். நான் கட்டுநாயக்காவில் 19 வருடங்கள் சீட்டுப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். அப்படிப்பட்ட ஒருவரிப் பதில்களை நானே தட்டச்சுச் செய்து அனுப்பியிருக்கிறேன்.

உங்களுக்குப் பொருந்துவது இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. விமான இரத்து, தாமதம், ஏறவிடாமல் மறுத்தல் ஆகியவற்றுக்கான பகுதி அது: பிரிவு 3, தொடர் M, பகுதி IV. அதற்கு மேலே மொன்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் இணைந்துள்ளன.

பதில் எழுதுவதற்கு முன் எனக்குச் சில விபரங்கள் தேவை. சீட்டில் திரும்பும் வழிக்குரிய அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, எரிபொருள் கட்டணம் எவ்வளவு, வரிகள் எவ்வளவு? எரிபொருள் கட்டணம் சீட்டில் பெரும்பாலும் YQ என்ற இரண்டெழுத்தின் அருகே இருக்கும். முகவர் சீட்டுப் பதிவில் கொடுத்தது உங்கள் தொலைபேசி இலக்கத்தையா, தன்னுடையதையா? ‘தொழில்நுட்பக் காரணம்’ என்பதை அன்றே சொன்னார்களா, பின்னர்தான் சொன்னார்களா?

கிண்ணியாத் தம்பி

எனக்கும் இதே பிரச்சினைதான். ஜித்தாவிலிருந்து வரும்போது 9 மணித்தியாலம் உட்கார வைத்தார்கள். சாப்பாடு தந்தார்கள், விடுதி தரவில்லை. பயணப்பெட்டியின் சக்கரமும் உடைந்துவிட்டது. நானும் இந்த இந்திய விதியின்படி கேட்கலாமா?

சீனக்குடா ஐயா

தம்பி, உங்கள் விமானம் இந்தியாவைத் தொடவில்லை. ஆகவே இந்த விதி உங்களுக்கு உதவாது. பெட்டிச் சேதத்தைப் பெட்டி கையில் கிடைத்ததிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். அங்கே வந்து எழுதுகிறேன். இங்கே வாசனுடைய கணக்கை முடிப்போம்.

உவர்மலை வாசன்

ஐயா, மிக்க நன்றி. ஒரு சீட்டுக்குத் திரும்பும் வழிக்குரிய தொகைகள் இவை: அடிப்படைக் கட்டணம் இலங்கை ரூபாய் 18,400, YQ 6,200, ஏனைய வரிகள் 5,300. பதிவில் இருந்தது எனது இலக்கமே. முகவர் தன்னுடையதைப் போட முயன்றபோது நான் வற்புறுத்தி மாற்றினேன். காரணம் பற்றி: குறுஞ்செய்தியில் ‘இயக்கக் காரணங்கள்’ என்று இருந்தது. கருமபீடத்தில் இருந்த பெண் ‘வானிலை’ என்றார். தொழில்நுட்பம் என்பது மின்னஞ்சலில்தான் முதன்முறையாக வந்தது.

சீனக்குடா ஐயா

நல்லது. மூன்று தடவையும் மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

முதலில் சீட்டுப் பணம். முகவர் சொல்லும் 11,300 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். பயணி தானாக விரும்பிச் சீட்டை இரத்துச் செய்தால், பயன்படுத்திய முதல் வழிக்கு முழு ஒருவழிக் கட்டணத்தைக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். அதன்மேல் இரத்துக் கட்டணத்தையும் கழிப்பார்கள். மிஞ்சுவது வரிப் பணம் போன்ற ஒரு சிறு தொகைதான். உங்கள் இரண்டு சீட்டுகளின் வரி 10,600 என்பதைப் பார்த்தால் முகவர் நிலையத்தில் செய்திருப்பது இதுவே. நிறுவனமே விமானத்தை இரத்துச் செய்தபோது செய்ய வேண்டிய முறை வேறு. அதைப் பயணியின் விருப்பமற்ற மீளளிப்பு என்று பதிவுசெய்து, பறக்காத வழிக்குரிய கட்டணம், எரிபொருள் கட்டணம், வரி அனைத்தையும் எந்தக் கழிவும் இல்லாமல் திருப்ப வேண்டும். ஒரு சீட்டுக்கு 29,900, இரண்டுக்கும் 59,800. முகவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். பெரும்பாலும் இது ஒரு பொத்தானை மாற்றி அழுத்தியதால் வரும் பிழை. விமானம் இரத்தானது என்ற குறுஞ்செய்தியின் பிரதியைக் கொடுத்து, விண்ணப்பத்தை மீளப் பெற்று, விருப்பமற்ற மீளளிப்பாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ‘முகவரை அணுகவும்’ என்று நிறுவனம் கைகழுவ முடியாது. முகவர் அவர்கள் நியமித்த பிரதிநிதி என்பதால் பணத்தைத் திருப்பும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும் என்று அந்த இயக்குநரகத்தின் மீளளிப்பு விதியே சொல்கிறது.

இரண்டாவது நட்டஈடு. இரத்து பற்றி 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காவிட்டால், சீட்டுப் பணத்துக்கு மேலதிகமாக ஒரு தொகை உண்டு. பறக்கும் நேரம் 1 மணித்தியாலத்துக்கு மேல் 2 மணித்தியாலம் வரை என்றால், இந்திய ரூபாய் 7,500 அல்லது அந்த ஒருவழியின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. சென்னை–கொழும்பு அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். இன்றைய மாற்று விகிதம் ஏறத்தாழ 3.50 என்று வைத்தால் 7,500 என்பது இலங்கை ரூபாயில் 26,250. உங்கள் கட்டணம் 18,400 உடன் 6,200 சேர்த்து 24,600. குறைந்தது அதுதான். ஆகவே ஒருவருக்கு 24,600 வீதம் இருவருக்கும் 49,200 கேளுங்கள். 7,500ஐ அப்படியே எழுதிக் கேட்டால் விதியை வாசிக்காதவர் என்று தெரிந்துவிடும்.

இதைக் கொடுக்காமலிருக்க அவர்களிடம் உள்ள ஒரே வழி, காரணம் தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று காட்டுவதுதான். இயற்கை அனர்த்தம், கலவரம், வேலைநிறுத்தம், வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்றவை அப்படிப்பட்டவை. விமானத்தைப் பராமரிப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை என்பதே என் எண்ணம். ஆனால் எந்தத் தொழில்நுட்பக் கோளாறும் விதிவிலக்காகாது என்று அந்த விதியில் வெளிப்படையாக ஒரு வரி இல்லை. ஆகவே அதை ஒரு கேள்வியாகவே எழுதுங்கள்: எந்த விமானம், என்ன கோளாறு, எத்தனை மணிக்குக் கண்டுபிடிக்கப்பட்டது, மாற்று விமானத்துக்கு என்ன முயற்சி எடுத்தீர்கள்?

கடலோரக் கண்ணன்

வானிலை என்று சொன்னதை நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு விமான நிலையத்தின் வானிலை அறிக்கையும் அரை மணிக்கு அல்லது ஒரு மணிக்கு ஒருமுறை வெளியாகிறது. பழையவற்றையும் இணையத்தில் எடுக்கலாம். சென்னையின் குறியீடு VOMM. நேரம் கிரீனிச் நேரத்தில் இருக்கும் என்பதால் 5.30 மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நான் 12ஆம் திகதி மாலை 4 முதல் 8 வரை பார்த்தேன். பார்வைத் தூரம் 6 கிலோமீற்றர், காற்று 8 நொட், இடிமின்னல் இல்லை. அதே நேரத்தில் கொழும்புக்கு வேறொரு நிறுவனத்தின் விமானமும் புறப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து முறைப்பாட்டுடன் இணையுங்கள்.

உவர்மலை வாசன்

அனைவருக்கும் நன்றி. முகவரிடம் போனேன், ஐயா சொன்னதுபோலவே சாதாரண இரத்தாகத்தான் போட்டிருந்தார்கள், மாற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது செலவுகள் பற்றிய பந்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘தங்களின் பொறுப்பற்ற செயலால் நாங்கள் அடைந்த சொல்லொணாத் துயரத்துக்கும், விடுதி, உணவு, வாகனம், புதிய சீட்டுகள், வான் முற்பணம் ஆகிய அனைத்துக்கும் மொத்தமாக இலங்கை ரூபாய் 3,00,000 தர வேண்டும்.’

சீனக்குடா ஐயா

தம்பி, மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை அந்த நிலையில் வைத்துக்கொண்டு நின்றவர் அப்படித்தான் எழுதுவார். ஆனால் இந்தப் பந்தியை வாசிக்கும் அலுவலர் மொத்தத் தொகை ஒன்றை மட்டும் கண்டால், மறுப்பதற்கும் ஒரு வரிதான் எழுதுவார். ஒவ்வொரு செலவையும் தனி வரியில், பற்றுச்சீட்டு இலக்கத்துடன் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டி வரும்.

புதிய சீட்டுகளின் முழு விலையையும் பழைய சீட்டுகளின் முழுப் பணத்தையும் சேர்த்துக் கேட்கக் கூடாது. எப்படியும் ஒருமுறை கொழும்புக்குப் பறக்க நீங்கள் பணம் கொடுத்தே இருப்பீர்கள். புதியவை 24,800 இந்திய ரூபாய். அதே மாற்று விகிதத்தில் 86,800. திரும்பக் கிடைக்க வேண்டியது 59,800. கேட்க வேண்டியது வித்தியாசமான 27,000.

விடுதி, சாப்பாடு, கார் மூன்றும் சேர்த்து இந்திய ரூபாய் 6,250, அதாவது 21,875. இந்த இடத்தில் உங்கள் நிலை சற்றுப் பலவீனமானது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். விமான நிலையத்துக்கு வந்துவிட்ட பயணிகளுக்கு உணவும், தேவைப்படும்போது விடுதியும், போக்குவரத்தும் தர வேண்டும் என்று விதியில் உண்டு. ஆனால் அது மாற்று விமானத்துக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றியது. பணத்தைத் திருப்பிப் பெறுவேன் என்று சொன்ன கணத்திலிருந்து நீங்கள் அவர்களுடைய பயணி அல்ல என்று வாதிடுவார்கள். அதற்குள் 5.10க்கும் 9.30க்கும் இடையில் தராத உணவு மட்டும் தெளிவாக உங்கள் பக்கம்.

நெய்தல் சட்டத்தரணி

ஐயாவுடைய கணக்கை ஏற்கிறேன். இந்தக் கடைசி முடிவுடன் முழுமையாக உடன்பட முடியவில்லை. வாசன் அண்ணா அந்தத் தெரிவைச் செய்ததற்கான காரணமே விடுதி இல்லை என்று கருமபீடத்தில் சொன்ன தவறான தகவல்தான். விதி, மாறிச் செல்பவர், செல்லாதவர் என்று விடுதியைப் பிரிக்கவில்லை. சரியான தகவல் தந்திருந்தால் அவர் காத்திருந்திருக்கலாம். இதைத் திகதி, நேரம், கருமபீட இலக்கத்துடன் எழுத வேண்டும்.

அடுத்தது மொன்ட்ரியல் உடன்படிக்கை. அதன் 19ஆம் உறுப்புரை தாமதத்தால் ஏற்படும் நட்டத்துக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. நியாயமாக எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள். பற்றுச்சீட்டு உள்ள செலவுகளுக்கு அது நல்ல அடித்தளம். மன வேதனைக்கு அதன் கீழ் பணம் கிடைப்பது கடினம். ஆகவே ‘சொல்லொணாத் துயரம்’ என்ற தலைப்பில் தொகை போடாதீர்கள். அம்மாவின் வயது, நோய், ஐஸ் கேட்டு வாங்கியது ஆகியவற்றைக் காத்திருக்க முடியாமைக்கான காரணமாக எழுதுங்கள். வழக்குத் தொடர 2 வருட காலம் உண்டு. இருவழிச் சீட்டு கொழும்பில் தொடங்கி கொழும்பில் முடிவதால் சென்றடையும் இடம் கொழும்பு என்றே கொள்ளப்படும். ஆகவே வழக்கு என்று வந்தால் இந்தியாவுக்குப் போக வேண்டியதில்லை, இலங்கையிலேயே தொடரலாம்.

சீனக்குடா ஐயா

தங்கச்சி சொல்லும் 19ஆம் உறுப்புரையில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அது தாமதத்தைப் பற்றிப் பேசுகிறது. நிறுவனம் ஏற்றிச் செல்லவே இல்லை, பயணி வேறு நிறுவனத்தில் போய்விட்டார் என்றால் அது தாமதமா, ஒப்பந்தத்தை நிறைவேற்றாமையா? என் காலத்தில் எங்கள் சட்டப் பிரிவு இதையே எடுத்து மறுக்கும்.

நெய்தல் சட்டத்தரணி

அந்தக் கேள்வி உண்மையானது. வெவ்வேறு நாட்டு நீதிமன்றங்கள் வெவ்வேறாகப் பதில் சொல்லியிருக்கின்றன. நிறைவேற்றாமை என்று அவர்கள் வாதிட்டால், உடன்படிக்கையின் வரம்புகளுக்கு வெளியே சாதாரண ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் கேட்க இடம் திறக்கிறது. ஆகவே கடிதத்தில் இரண்டையும் மாற்றுக் காரணங்களாக எழுதுவதே பாதுகாப்பானது.

கன்னியா அக்கா

முகவர் தன்னுடைய சேவைக் கட்டணம் என்று எங்களிடம் ஒருமுறை பணம் பிடித்தார். அதற்கும் இந்தக் கடிதத்திலேயே எழுதலாமா?

நெய்தல் சட்டத்தரணி

இல்லை அக்கா, அது வேறு. முகவருக்கு எதிரான முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்திலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். சேவை பெற்றதிலிருந்து 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் காலத்தைக் கடத்த வேண்டாம்.

உவர்மலை வாசன்

பந்தியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

‘பறக்காத வழிக்குரிய கட்டணம், இரண்டு சீட்டுகளுக்கும் 59,800. இரத்து பற்றி 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காததற்கான நட்டஈடு, ஒருவருக்கு 24,600 வீதம் 49,200. புதிய சீட்டுகளின் மேலதிக விலை 27,000 (இணைப்பு 4). விடுதி, உணவு, வாடகைக் கார் 21,875 (இணைப்புகள் 5 முதல் 9 வரை). வான் முற்பணம் 8,000 (இணைப்பு 10). எனது தாயார் 71 வயதுடையவர், இன்சுலின் பெறுபவர். விடுதி வழங்கப்படாது என்று 12ஆம் திகதி இரவு 9.50 மணிக்கு உங்கள் கருமபீடத்தில் கூறப்பட்டதனாலேயே 14ஆம் திகதி வரை காத்திருக்க முடியாமற்போனது. இரத்துக்கு நீங்கள் கூறிய மூன்று காரணங்களுள் எது உண்மையானது என்பதையும், மாற்று விமானத்துக்கு எடுத்த முயற்சிகளையும் ஆவணங்களுடன் அறியத் தரவும்.’

சீனக்குடா ஐயா

இப்போது சரி. ஏறும் அட்டைகளின் பிரதியையும் 13 இலக்கச் சீட்டு எண்களையும் மேலே எழுதுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். அவருடைய முகவரியை நிறுவனம் தன் இணையத்தளத்தில் போட்டிருக்கும். பதில் திருப்தியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு அனுப்புங்கள். அதற்கும் பிறகுதான் இந்திய அரசின் AirSewa தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்த ஒழுங்கைத் தாண்டினால் மறுபடி முதலிடத்துக்கே அனுப்புவார்கள்.

உவர்மலை வாசன் (ஐந்து வாரங்களின் பின்)

நடந்ததை அறியத் தருகிறேன். சீட்டுப் பணம் 59,800 முழுவதும் முகவர் மூலமாக வந்துவிட்டது. குறைதீர் அலுவலர் கோளாற்றின் விபரத்தைத் தரவில்லை. ஆனாலும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ நட்டஈடாக 49,200 தரச் சம்மதித்து வங்கி விபரம் கேட்டிருக்கிறார். அதனுடன் அனுப்பிய படிவத்தில், இத்தொகையைப் பெற்றால் வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையொப்பமிடச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. விடுதி, சீட்டு வித்தியாசம், வான் மூன்றும் மறுக்கப்பட்டுள்ளன. கையொப்பமிடலாமா?

நெய்தல் சட்டத்தரணி

அந்த வரியுடன் கையொப்பமிட்டால் மீதி 56,875ஐயும் விட்டதாகிவிடும். ‘நட்டஈட்டுத் தொகையை மட்டும் ஏற்கிறேன், ஏனைய கோரிக்கைகள் தொடர்கின்றன’ என்று எழுதி, அந்த வரியை நீக்கிய படிவம் ஒன்றைக் கேளுங்கள்.

சீனக்குடா ஐயா

சட்டப்படி தங்கச்சி சொல்வது சரி. ஆனால் 49,200 கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மீதியில் வான் முற்பணம் கிடைப்பது சந்தேகம். எனக்கு என்றால், வரியை நீக்கக் கேட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பேன்.

உவர்மலை வாசன்

நீக்கக் கேட்டு இன்று காலை எழுதிவிட்டேன். மேன்முறையீட்டு அலுவலருக்கும் பற்றுச்சீட்டுகளுடன் தனியாக அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே பதிவிடுவேன்.